திருகோணமலையில் எங்கள் கோயில் பாடகர் குழுவில் பாதிப்பேர் சிங்களவர். ழ, ள, ண வராததால் பாட்டின் சொல் விளங்குதில்லை. எப்படிப் பழக்கலாம்?

ழவில் தொடங்காதீர்கள். முதல் நாளே அதைக் கேட்டால் பாதிப்பேர் வெட்கத்தில் வாயைத் திறக்கமாட்டார்கள். டவில் தொடங்குங்கள்.

சிங்களத்தில் ளவுக்கும் ணவுக்கும் தனி எழுத்து இருக்கிறது. ஆனால் பேச்சில் அவை ல, ன மாதிரியேதான் ஒலிக்கின்றன. ஆகவே சிங்கள எழுத்தில் பிழையில்லாமல் எழுதிக் கொடுத்தாலும் 'உலகின் ஒளி' அவர்கள் வாயில் 'உலகின் ஒலி' ஆகிவிடும். டவோ அவர்களிடமும் உண்டு. நாங்கள் பெட்டி என்பதை அவர்கள் 'பெட்டிய' என்கிறார்கள்.

'பெட்' என்று சொல்லி, நாக்கை எடுக்காமல் அப்படியே நிறுத்தச் சொல்லுங்கள். நுனி அண்ணத்தில் ஒட்டியிருக்கும். அவர்களுடைய ட எங்களுடையதைவிடக் கொஞ்சம் முன்னுக்கு விழும், அதனால் நுனியைச் சற்றுப் பின்னுக்கு மடிக்க வேண்டும். அங்கேயே வைத்துக்கொண்டு மூக்கால் முனகினால் ண். மூக்கை விட்டு, நாக்கின் இரு பக்கத்தாலும் குரலை விட்டால் ள். ள் வந்தபின் நுனியை அண்ணத்தில் படாமல் ஒரு மயிரிழை இறக்கினால் ழ். ட், ண், ள், ழ் என்று இதே வரிசையில், மெட்டில்லாமல், பாட்டுக்கு முன் கொஞ்ச நேரம் செய்தால் போதும்.

பிடித்துவிட்டார்களா என்று அறிய ஒருவரைத் திரும்பி நின்று வலி, வளி, வழி மூன்றில் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் காட்டட்டும். விரல்கள் ஒத்துவராவிட்டால் இன்னும் வரவில்லை. காது பழகாமல் நாக்கு பழகாது. முகத்தைப் பார்த்தால் வாயசைவை வைத்து ஊகிக்கப் பார்ப்பார்கள், அதனால்தான் திரும்பி நிற்பது.

பாடும்போது வேறொரு சிக்கல் வரும். 'புகழ்' நாலு தாளம் நீள்கிறது என்று வையுங்கள். ழ் வரப்போகிறது என்ற பயத்தில் முதல் தாளத்திலேயே நாக்கை மடித்துவிடுவார்கள். உயிரொலி கெட்டு, கடைசி வாங்கில் இருப்பவருக்குப் 'புகர்' மாதிரிக் கேட்கும். 'புக' என்பதன் அகரத்தைத் திறந்தபடி மூன்றரைத் தாளம் பிடித்து, கடைசி அரையில் மட்டும் நாக்கை மடிக்க வேண்டும். அந்த இடத்தை உங்கள் கையால் காட்டுங்கள். இல்லாவிட்டால் ஆளுக்கொரு நேரத்தில் முடிப்பார்கள். 'அருள்' போன்ற ள் முடிவுக்கும் இதேதான்.

தாளில் ள, ண, ழ வருமிடங்களைப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். ஆங்கில எழுத்தில் இசட், எச் சேர்த்து ழ எழுதிக் கொடுக்கவே வேண்டாம், 'வழி'யை 'வஸி' என்று வாசிப்பார்கள்.

உங்கள் தமிழ் ஆட்களையும் அதே வரிசையில் நிறுத்துங்கள். எங்கட சனமும் வீட்டில் 'வாளைப்பளம்' சாப்பிடுகிற சனம்தானே. தமிழர் 'புகள்' என்றும் சிங்களவர் 'புகழ்' என்றும் முடித்தால், எல்லோரும் ஒரேமாதிரிப் பிழையாகப் பாடியதைவிட அது மோசமாகக் குழம்பும்.