பொறுப்புத் தலைமையாசிரியரின் முதல் கூட்டம்

அன்புள்ள ஐயா,

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் இயற்பியல் முதுகலை ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் தலைமையாசிரியர் மாறுதலில் சென்றுவிட்டார். என்னைவிட மூத்தவர் உடல்நிலையைக் காரணம் காட்டி எழுதிக் கொடுத்துவிட்டதால் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. புதியவர் எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. “மேடம் சொன்னால் செல்லுமா?” என்ற பேச்சு ஆசிரியர் அறையில் இப்போதே ஓடுகிறது. திங்கட்கிழமை முதல் கூட்டம். என்ன பேசி என்னை அறிமுகப்படுத்திக்கொள்வது?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

பல ஆண்டுகளாக உங்களோடு ஒரே அறையில் தேநீர் குடித்தவர்களுக்கு உங்களைத் தெரியும். உங்கள் கையொப்பம் எதுவரை செல்லும் என்பதுதான் தெரியாது. ஆகவே கூட்டத்துக்கு முன் நீங்கள் செய்ய வேண்டியது, பொறுப்பு ஆணையை வரிவரியாகப் படிப்பது. அன்றாட நிர்வாகம் மட்டும் தரப்பட்டிருக்கிறதா, சம்பளப் பட்டியலில் கையொப்பமிடும் அதிகாரமும், அதாவது நம்மவர்கள் ‘டிராயிங் பவர்’ என்கிறார்களே அதுவும், சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதற்கான கடிதத்தை உரிய கல்வி அலுவலகத்தில் கொடுத்து, ஒப்புகை பெற்றுக்கொண்டு கூட்டத்துக்குப் போங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் பொறுப்பேற்றவர் முதல் கூட்டத்தில் கைகூப்பி, “நானும் உங்களில் ஒருவன்தான், புதியவர் வரும்வரை சும்மா பார்த்துக்கொள்கிறேன்” என்றார். அடக்கமான பேச்சு என்று எல்லோரும் மகிழ்ந்தோம். அந்த மாதம் சம்பளம் வரவில்லை. நிதி அதிகாரத்துக்குத் தனி ஆணை வேண்டும் என்பதை அவர் கேட்டறியவே இல்லை. அதன்பின் அவர் கேட்ட எந்தப் பதிவேடும் நேரத்துக்கு மேசைக்கு வரவில்லை. தாமதமாக வருபவர்கூட, “சார் சும்மாதானே பார்த்துக்கொள்கிறார்” என்று அவருடைய சொல்லையே அவருக்குத் திருப்பிக் கொடுத்தார்.

அதிகாரத்தின் எல்லை குறித்து மத்திய அரசு தன் அலுவலர்களுக்கு 1963ஆம் ஆண்டிலேயே ஒரு விளக்கம் தந்திருக்கிறது. ஒரு பதவியின் நடப்புப் பணிகளை மட்டும் கவனிக்க அமர்த்தப்பட்டவர் அப்பதவிக்குரிய நிர்வாக, நிதி அதிகாரங்களைச் செலுத்தலாம். ஆனால் சட்டமோ சட்டப்படியான விதிகளோ அப்பதவிக்கென்று நேரடியாக வழங்கிய அதிகாரங்களைச் செலுத்த முடியாது என்பதே அதன் சாரம். மாநில அரசு ஊழியரான உங்களுக்கு உங்கள் ஆணையின் வாசகமே எல்லை என்றாலும், இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால் பேச்சு தானாக ஒழுங்குபடும். தற்செயல் விடுப்பு, பாடவேளை அட்டவணை, தேர்வுப் பணி ஆகியவற்றை இன்றே முடிவு செய்யலாம். ஒருவர் மீதான ஒழுங்கு நடவடிக்கை போன்றவை மேலே போக வேண்டியவை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஏறக்குறைய இப்படிப் பேசுவேன்: “இந்தத் தேதியிட்ட ஆணைப்படி இன்று முதல் தலைமையாசிரியர் பொறுப்பை நான் ஏற்றிருக்கிறேன், ஆணையின் நகல் சுற்றறிக்கைப் பதிவேட்டில் இருக்கிறது. தற்செயல் விடுப்பு விண்ணப்பங்களை என்னிடம் கொடுங்கள். அன்றே பதில் சொல்வேன். சம்பளப் பட்டியலுக்கான அதிகாரம் கேட்டுக் கடிதம் கொடுத்தாயிற்று. புதன்கிழமை அதன் நிலையைத் தெரிவிக்கிறேன். இப்போதுள்ள பாடவேளை அட்டவணை அரையாண்டுத் தேர்வுவரை மாறாது. எத்தனை நாள் இருப்பேன் என்பது எனக்குத் தெரியாது. இருக்கும்வரை இடும் கையொப்பத்துக்கு நானே பொறுப்பு.”

மூன்று நிமிடம் போதும். அந்தப் புதன்கிழமையை மட்டும் தவறவிடாதீர்கள். ஆணை வராவிட்டாலும், வரவில்லை என்பதை அன்றே சொல்லிவிடுங்கள். முதல் வாக்கு காப்பாற்றப்படுகிறதா என்று பார்த்துத்தான் மற்றவற்றை நம்புவதா வேண்டாமா என்று தீர்மானிப்பார்கள். புதிய திட்டங்களை அறிவிக்கும் ஆசையையும் அடக்கிக்கொள்ளுங்கள். வரப்போகிறவர் மாற்றிவிடக்கூடிய ஒன்றுக்காக யாரும் வியர்வை சிந்தமாட்டார்கள், அதில் தவறும் இல்லை.

எழுதிக் கொடுத்த அந்த மூத்தவரைக் கூட்டத்தில் புகழ வேண்டாம். அவர் ஏன் விலகினார் என்று நாற்பது கண்கள் அவர் பக்கம் திரும்பும். அது அவருக்குச் சங்கடம். சனிக்கிழமையே அவர் வீட்டுக்குப் போய், என்ன பேசப்போகிறீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் அவர் தலையசைத்தால் பாதி சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

நாற்காலியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தக் கேள்வி வரும். தலைமையாசிரியர் அறையிலேயே, அந்த நாற்காலியிலேயே உட்காருங்கள். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்; வந்த பெற்றோர் எழுத்தரிடம் போய் நின்றார்கள். முத்திரையில் பெயருக்குக் கீழே ‘தலைமையாசிரியர் (பொறுப்பு)’ என்று முழுமையாக இருக்கட்டும். அடைப்புக்குறிக்குள் இருக்கும் சொல்லை மறைத்து முத்திரை செய்தால், அதைத்தான் முதலில் கவனிப்பார்கள்.