தாரமங்கலத்துத் தூண்களும் ஒரு அசைன்மென்டும்: கேள்வி பதில்

அக்கா, ஒரு கட்டடத்தைப் பற்றி எழுதும் அசைன்மென்டுக்கு, சேலம் பக்கத்துத் தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் மண்டபத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். "வர்ணனை சரி, வாதம் எங்கே?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

நாலு பக்கத்தில் ராமன், வாலி சிற்பங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. ஒரு தூணில் ராமன். வேறொரு தூணில் வாலியும் சுக்ரீவனும் சண்டை போடுகிறார்கள். ராமன் பக்கம் நின்றால் வாலி தெரிவான், வாலி பக்கம் நின்றால் ராமன் தெரியமாட்டான் என்று அங்கே காட்டுபவர்கள் சொல்வார்கள். இதுவரை வர்ணனைதான்.

அடுத்து மண்டபத்தின் தரைப்படத்தை ஒரு தாளில் வரையுங்கள். இரண்டு தூண்களையும் குறித்து, சிற்பம் தூணின் எந்த முகத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது, நடுவில் மறைப்பது எந்தத் தூண் என்று கோடு போடுங்கள். அப்புறம் இப்படி ஒரு வரி எழுதலாம்: "இங்கே தூண் கூரையைத் தாங்குவதோடு நிற்கவில்லை, ராமன் ஒளிந்த மறைவிடமாகவும் ஆகிறது, மறைந்து அம்பு விட்ட கதையைப் பார்ப்பவர் நடந்துதான் அறிய முடிகிறது." இதை ஒருவர் மறுக்கலாம். மறுக்க முடிவதால்தான் அது வாதம்.

இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டியது, நாயக்கர் காலப் பாணி என்று எழுதினால் அதுவே வாதம் ஆகாதா?

பாதி சரி. தூணோடு சேர்ந்த ஒரே கல்லில் பெரிய உருவங்களை வெளியே துருத்தி நிற்கும்படி செதுக்குவது அந்தக் காலத்து வழக்கம். உருவம் அவ்வளவு வெளியே வந்ததால்தான் பார்வை மறைக்கும் விளையாட்டுக்கே இடம் கிடைத்தது என்று சொன்னால் பாணி உங்களுக்கு உதவும். வெறும் பாணிப் பெயர் போதாது. அந்த வாக்கியத்தில் தாரமங்கலத்தை எடுத்துவிட்டு மதுரையைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் உண்மையாக இருந்தால், அது இந்தக் கட்டடத்தைப் பற்றிய வாக்கியம் இல்லை.

நான் இன்ஜினியரிங். A-க்கு B தெரிந்தால் B-க்கும் A தெரிய வேண்டும். இது சும்மா கதைதானே?

கணக்கு சரிதான், கண்ணுக்குக் கண் கோடு போட்டால் இருவழியும் ஒன்றுதான். ஆனால் நாம் கல்லுக்குள் நிற்பதில்லை. ராமன் அருகே ஓரிடத்திலும் வாலி முன்னால் இன்னோரிடத்திலும் நிற்கிறோம். இவை வேறு வேறு கோடுகள். அதனால் நின்ற இடங்களைப் படத்தில் குறிக்காத கட்டுரையை நான் நம்பமாட்டேன். ஒரு அடி நகர்ந்ததுமே ராமன் தெரிந்துவிட்டால் வாதம் பலவீனம். அதையும் எழுதிவிட வேண்டும். சிற்பி இதைத் திட்டமிட்டாரா என்பது வேறு கேள்வி, படத்தில் போட்ட கோடுகளை வைத்து அதைத் தீர்க்க முடியாது. "அமைப்பு இப்படிச் செய்கிறது" என்பதோடு நிறுத்துங்கள்.

அசைன்மென்டில் எனக்கு வந்தது ஏற்காட்டில் ஒரு பழைய எஸ்டேட் பங்களா. சிற்பமே இல்லையே, கோயிலுக்கு மாறிவிடட்டுமா?

வேண்டாம். நான் சொன்னது சிற்பத்தை இல்லை, யார் எங்கிருந்து எதைப் பார்க்க முடிகிறது என்பதை. வராந்தாவில் உட்கார்ந்து வாசல் பாதையைப் பாருங்கள், பிறகு பாதையிலிருந்து வராந்தாவைப் பாருங்கள். சமையல்கட்டு எந்தப் பக்கம் போயிருக்கிறது என்றும் கவனியுங்கள். கண் மட்டத்திலேயே போட்டோ எடுங்கள். ட்ரோன் படம் இதற்கு உதவாது.