புது பின் போடும் முன் ஹெட்போன் வயரை மல்டிமீட்டரில் சோதிப்பது எப்படி?

"வேலூர்ல வாங்கின 32 ஓம் ஹெட்போன். ஜாக் பின் கிட்ட வயர் போச்சு, வெட்டிட்டேன். உள்ளே சிவப்பு, பச்சை, செம்பு நிறம். மீட்டர் வெச்சா பீப் சத்தமே வரலை. வயர் முழுக்க போச்சா?"

அவசரப்பட்டு வயரைத் தூக்கிப் போடாதீங்க. அந்த நிறம் மெல்லிய வார்னிஷ் பூச்சு. அதன் மேல் மின்சாரம் பாயாது. ஒவ்வொரு நுனியிலும் 5 மி.மீ. அளவுக்குச் சூடான சால்டரிங் அயர்னில் ஈயம் பூசுங்க. பூச்சு கருகி, நுனி வெள்ளியாய் மின்னணும். கத்தியால் சுரண்டினால் இழைகள் அறுந்துடும்.

பீப் வசதியை நம்ப வேண்டாம். ஸ்பீக்கர் சுருளே 32 ஓம் என்பதால், வயர் நல்லா இருந்தாலும் சில மீட்டர் கத்தாது. 200 ஓம் அளவில் வைங்க. செம்பு பொதுவாக கிரவுண்ட், அதாவது இரண்டு காதுக்கும் பொதுவான வயர். அதற்கும் சிவப்புக்கும் சுமார் 32, பச்சைக்கும் அதே. சிவப்புக்கும் பச்சைக்கும் சுமார் 64 வரணும்.

64 மட்டும் வந்து, செம்போடு எதுவும் காட்டலைன்னா, செம்பு வயர்தான் அறுந்திருக்கு. சிவப்பு தொடர்பான இரண்டும் வரலைன்னா சிவப்பு. அப்போ இன்னும் 3 செ.மீ. வெட்டி, திரும்ப ஈயம் பூசிப் பாருங்க. மீட்டர் முனை தொடும்போது எந்தக் காதில் 'டிக்' கேட்குதோ, அதுவே அந்தப் பக்கத்து வயர். நிறத்தை மட்டும் நம்பிப் பின்னில் பற்றவைக்காதீங்க.

கடைசியா வயரை முழு நீளத்துக்கும் வளைச்சு வளைச்சுப் பாருங்க. எண் தாவினால் அந்த இடத்திலும் முறிவு இருக்கு. புது பின் போட்டுப் பயனில்லை.