சரிவான தரையுள்ள நீச்சல் குளத்தில் எத்தனை லிட்டர் தண்ணீர்?

கேள்வி: எங்கள் நீச்சல் குளம் 12 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம். ஒரு முனையில் ஆழம் 1 மீட்டர், மறு முனையில் 2.2 மீட்டர். சராசரி ஆழம் 1.6 மீட்டர் என்று வைத்து 96,000 லிட்டர் என்று கணக்குப் போட்டேன். முதல் பாதியில் தரை சமமாக இருக்கிறது, அதற்கு அப்புறம்தான் இறங்குகிறது. இந்தக் கணக்கு சரியா?

பதில்: உங்கள் குளத்துக்கு இது பொருந்தாது. இரண்டு முனைகளின் ஆழத்தைக் கூட்டிப் பாதியாக்கும் முறை, தரை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே சீராக இறங்கும் குளத்துக்கு உரியது. உங்கள் குளத்தில் ஆழம் குறைந்த பகுதி நீளமாக இருக்கிறது. அதனால் உண்மையான சராசரி 1.6 மீட்டரைவிடக் குறைவு.

முதலில் சரிவு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். குளத்தின் ஆழத்தைவிட நீளமான ஒரு குழாயில் அளவுநாடாவை ஒட்டி, நீளவாக்கில் அரை மீட்டருக்கு ஒருமுறை நேராக இறக்கிப் பாருங்கள். அளவு மாறத் தொடங்கும் இடமும், மாறாமல் நிற்கும் இடமும்தான் உங்களுக்குத் தேவை. ஆழத்தைத் தண்ணீர் மட்டத்திலிருந்து எடுங்கள், விளிம்புக் கல்லிலிருந்து அல்ல. தண்ணீர் விளிம்புக்கு 15 சென்டிமீட்டர் கீழே நின்றால், விளிம்பிலிருந்து அளப்பதால் மட்டுமே உங்கள் குளத்தில் 9,000 லிட்டர் கூடிவிடும். அதேபோல் சரிவின் நீளத்தைத் தரையோடு சாய்வாக அளக்காமல், தண்ணீருக்கு மேலே கிடைமட்டமாக அளக்க வேண்டும்.

இப்போது ஒரு எடுத்துக்காட்டு. முதல் 6 மீட்டர் வரை ஆழம் 1 மீட்டர், அடுத்த 4 மீட்டரில் தரை 2.2 மீட்டருக்கு இறங்குகிறது, கடைசி 2 மீட்டர் சமமான ஆழம் என்று வைத்துக்கொள்வோம். குளத்தைப் பக்கவாட்டில் வெட்டிப் பார்ப்பதாக நினைத்து, ஒவ்வொரு துண்டின் பரப்பையும் தனியாகக் கணக்கிடுங்கள்:

```
சமமான பகுதி:  6 × 1.0 = 6.0
சரிவுப் பகுதி:  4 × 1.6 = 6.4
ஆழமான பகுதி:  2 × 2.2 = 4.4
மொத்தம்:      16.8 சதுர மீட்டர்
16.8 × 5 = 84 கன மீட்டர்
```

ஒரு கன மீட்டர் 1,000 லிட்டர் என்பதால், 84,000 லிட்டர். சரிவுப் பகுதிக்கு மட்டும் 1.6 என்ற சராசரி பொருந்துகிறது, ஏனென்றால் அங்கே இறக்கம் சீரானது. உங்கள் முதல் கணக்கு இதைவிட 12,000 லிட்டர் அதிகம், அதாவது சுமார் 14 சதவீதம். அந்த அளவை நம்பி குளோரின் போட்டால், அதே விகிதத்தில் மருந்தும் கூடும். 2 பிபிஎம் உயர்த்த நினைத்தால் ஏறத்தாழ 2.3 பிபிஎம் உயரும்.

விடையைச் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. மட்டம் ஒரு மீட்டர் இறங்கிவிட்டது, சமமான பகுதியின் தரை அப்போதுதான் வெளியே தெரிகிறது என்று கற்பனை செய்யுங்கள். மேற்பரப்பு 60 சதுர மீட்டர், எனவே 60 கன மீட்டர் வெளியே போயிருக்கும். மீதி சரிவிலும் ஆழமான பகுதியிலும் நிற்கும் தண்ணீர்: சரிவில் 4 × 1.2 ÷ 2 = 2.4, ஆழமான பகுதியில் 2 × 1.2 = 2.4, கூட்டினால் 4.8. அதை 5 மீட்டர் அகலத்தால் பெருக்கினால் 24. இரண்டையும் சேர்த்தால் அதே 84. இந்த வழியில் வேறு எண் வந்தால், துண்டுகளின் நீளத்திலோ பெருக்கல், கூட்டலிலோ எங்கோ தவறு செய்திருக்கிறீர்கள். குளத்தை எப்போதாவது காலி செய்து நிரப்பினால், நிரப்பும் குழாயில் தண்ணீர் மீட்டர் பொருத்தி வாசிப்பதுதான் எல்லாவற்றையும்விட நம்பகமானது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஆழமான பகுதியில் பக்கச் சுவர்களும் உள்நோக்கிச் சாய்ந்து, அடித்தளம் மேற்பரப்பைவிடக் குறுகலாக இருக்கும் குளங்கள் உண்டு. அங்கே பக்கவாட்டுப் பரப்பை அகலத்தால் பெருக்கும் முறை தண்ணீரைக் கூடுதலாகக் காட்டும். உங்கள் குளம் அப்படி இருந்தால், மேற்பரப்பை ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஆழத்தை அளந்து, எல்லா ஆழங்களையும் கூட்டுங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு சதுர மீட்டர் என்பதால், அந்தக் கூட்டுத்தொகையே கன மீட்டரில் விடை. 60 அளவுகள் எடுக்க வேண்டியிருக்கும், ஆனால் சாய்ந்த சுவருள்ள குளத்துக்குச் சூத்திரத்தைவிட இதுவே உண்மைக்கு நெருங்கி வரும்.