வேட்டி விற்பனைக் குறிப்பில் அளவு எழுதுவது எப்படி: கேள்வி பதில்

கேள்வி: 8 முழம், 3.60 மீட்டர் என்று போட்டு விற்றேன். வாங்கியவர் 3.48தான் இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார். தறிக்காரர் ஏமாற்றிவிட்டாரா, அண்ணா?

பதில்: முதலில் அவர் துவைத்தபின் அளந்தாரா என்று கேளுங்கள். 12 செ.மீ. குறைவு என்றால் நூற்றுக்கு மூன்றுக்கும் சற்று மேல். முன்னமே சுருக்கப்படாத பருத்தி முதல் துவைப்பில் அவ்வளவு இறங்குவது சகஜம். துவைக்காமலே 3.48 இருந்தால் தறிக்காரரிடம்தான் பேச வேண்டும். அடுத்த முறை கட்டிலிருந்து ஒன்றை எடுத்து, மேசையில் இழுக்காமல் விரித்து அளந்து, அதையே துவைத்துக் காயவைத்து மறுபடி அளந்துவிடுங்கள். இரண்டு அளவையும் எழுதுங்கள். அகலத்தையும் மறக்காதீர்கள், உயரமானவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். முழத்தை மட்டும் போட்டால் சண்டை வரும், ஒவ்வொருவர் கைக்கும் ஒரு முழம்.

கேள்வி: நூறாம் நம்பர் நூல் என்றால் அடர்த்தியாக, கனமாக இருக்கும் என்று எழுதலாம்தானே?

பதில்: உயர்ந்த ரகம் என்பது வரை சரி, கனம் என்பது தலைகீழ். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 40 முரட்டுத் துணி, 100 மெல்லியது. அதனால் 4 முழ ஒற்றை வேட்டிக்கு 100 என்றால் "உள்ளே தெரியும்" என்பதையும் சொல்லிவிடுங்கள். 8 முழத்தை மடித்துக் கட்டுவதால் அங்கே தொல்லை குறைவு. பாவுக்கு ஒரு நம்பர், ஊடைக்கு வேறு நம்பர் போடுவதும் உண்டு, இரண்டையும் கேளுங்கள். நூல் பில் காட்டாத இடத்தில் நம்பரைப் போடலாமா என்பதில் வியாபாரிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. நான் போடமாட்டேன், "மெல்லிய ரகம்" என்று விடுவேன்.

கேள்வி: எங்கள் அப்பாவுக்கு பஞ்சகச்சம் வேண்டும், 8 முழம் போதுமா?

பதில்: கேட்டது விற்பனைக் குறிப்பைப் பற்றி அம்மா, ஆனாலும் சொல்கிறேன். போதாது. 9×5 கேளுங்கள்: வேட்டி 9 முழம், அங்கவஸ்திரம் 5. பருமனானவர் என்றால் 10×6. விற்பவர்களுக்கும் இதில் சேதி உண்டு, 9×5 என்று வெறுமனே போட்டால் புதியவர் அதை நீள அகலம் என்று நினைப்பார்.

கேள்வி: கரை 2 அங்குலம் என்று போட்டேன், "படத்தில் பெரிதாகத் தெரிந்ததே" என்கிறார்கள். ஜரிகைக்குத் துவைப்புக் குறிப்பு என்ன எழுதுவது?

பதில்: கரை மேல் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். இரு பக்கமும் ஒரே அகலமா என்றும் எழுதுங்கள். துவைப்புக்கு, "குளிர்ந்த நீர், மிதமான சோப்பு, பிளீச் வேண்டாம், முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயவைக்கவும், ஜரிகையை உட்புறமாகத் திருப்பி இஸ்திரி போடவும்" என்பது போதும். பிளீச் பட்டால் ஜரிகை கறுத்துவிடும். கஞ்சி போட்டு வந்த வேட்டி என்றால் அதையும் எழுதிவிடுங்கள், முதல் துவைப்புக்குப் பின் துணி தளர்ந்துவிட்டது என்ற புகார்கள் பாதி அதனால்தான் வருகின்றன.