35 லிட்டர் கன்டெய்னரில் நைட்ரஜன் சீக்கிரம் தீர்ந்தால் வெயில் காரணமா?

கேள்வி: "மூன்று மாதம் வந்த திரவ நைட்ரஜன் இப்போது ஒரு மாதம்கூட வரவில்லை. சென்னை வெயில்தான் காரணமா?"

வெயிலாக இருக்காது. கன்டெய்னரின் இரட்டைச் சுவர்களுக்கு நடுவே இருக்கும் வாக்யூம் போயிருக்கும் என்பது என் ஊகம். மாதவரத்தில் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் வேலை எனக்கு. உறைவிந்துக் குச்சிகளை இதே அளவு கன்டெய்னரில்தான் வைத்திருக்கிறேன். ஒரு மே மாதம் எனக்கும் இப்படி ஆனபோது நானும் வெயிலைத்தான் திட்டினேன்.

அப்புறம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்ளே -196 டிகிரி. வெளியே 27 டிகிரி என்றால் வித்தியாசம் 223. வெயில் 40-ஐத் தொட்டால் 236. கழுத்துக் குழாய் வழியாக இறங்கும் வெப்பம் இதனால் 6 சதவீதம்தான் கூடும். சுவரிலிருந்து கதிர்வீச்சாக வருவது கொஞ்சம் அதிகமாக, 18 சதவீதம் வரை கூடலாம். எப்படியும் மூன்று மடங்கு ஆகாது.

அளவுகோல் குச்சியை விட்டுப் பார்ப்பதைவிட எடை போடுவது நம்பகமானது. நிரப்பி இரண்டு நாள் ஆறவிட்டு, மூலக்கடைப் பக்கம் ஒரு பழைய பேப்பர் கடையின் மின்னணுத் தராசில் வைத்தேன். சரியாக 24 மணி நேரம் கழித்து, நடுவில் மூடியைத் திறக்காமல், மறுபடியும் வைத்தேன். 1.1 கிலோ குறைந்திருந்தது. ஒரு கிராம் நைட்ரஜன் ஆவியாக 199 ஜூல் வேண்டும். ஒரு நாளுக்கு 86,400 வினாடி. ஆக,

```
1100 × 199 / 86400 = 2.5 W
```

ஒரு லிட்டர் 807 கிராம் என்பதால் தினம் 1.36 லிட்டர் போகிறது. 35 லிட்டர் 26 நாளில் காலி. நல்ல கன்டெய்னரில் உள்ளே கசியும் வெப்பம் அரை வாட் அளவில்தான் இருக்கும், தினம் 200 கிராம் சொச்சம் குறையும். என்னுடையதில் ஐந்து மடங்கு. இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்று புகுந்தால் மட்டுமே இவ்வளவு ஏறும்.

வாக்யூம் மோசமாகப் போயிருந்தால் கையால் தொட்டாலும் தெரிந்துவிடும். நம்மூர் ஈரக்காற்றில் கன்டெய்னரின் உடம்பே ஐஸ் போட்ட சாத்துக்குடி கிளாஸ் மாதிரி வியர்த்து நிற்கும். கழுத்தைச் சுற்றி மட்டும் லேசாகப் பனி படிந்தால் பயமில்லை, அது மூடியின் நுரைத் தக்கை தேய்ந்ததாலும் வரும். தக்கை பழசாகிவிட்டால் மாற்றுங்கள், ஆனால் டேப் சுற்றி இறுக்கிவிடாதீர்கள். ஒரு லிட்டர் திரவம் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகும். அது வெளியேற வழி வேண்டும். அந்தக் குளிர்ந்த வாயு கழுத்து வழியே மெதுவாக ஏறும்போது, இறங்கி வரும் வெப்பத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு போய்விடும் என்பதும் ஒரு லாபம்.

உடம்பு வியர்த்திருந்தால் ஈரச்சாக்கு சுற்றுவதெல்லாம் வீண். குச்சிகளை வேறு கன்டெய்னருக்கு மாற்றிவிட்டு, வாக்யூம் இழுக்கக் கொடுத்துவிடுங்கள். பக்கவாட்டில் இருக்கும் வாக்யூம் மூடியை நீங்களே நோண்ட வேண்டாம். என்னுடையது திரும்பி வந்ததும் அதே தராசில் வைத்தேன்: தினம் 220 கிராம்.