அண்ணப் பிளவுள்ள குழந்தைக்குப் பாலாடையில் பால் புகட்டுவது எப்படி?

"கோபிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மகள் பிறந்து ஒன்பது நாள். உதடும் அண்ணமும் பிளந்திருக்கின்றன. மார்பில் சப்பிக்கொண்டேதான் இருக்கிறாள், ஆனால் 2.8 கிலோ 2.6 ஆகிவிட்டது. மூக்கில் பால் வருகிறது. கிரகணத்தன்று நான் வெளியே போனதுதான் காரணம் என்கிறார் மாமியார்."

அம்மிணி, நாளைக் காலையே குழந்தையை மருத்துவரிடம் காட்டி எடை பாருங்கள். முதல் சில நாட்களில் எடை இறங்குவது வழக்கம்தான். ஒன்பதாம் நாளில் அது ஏறிக்கொண்டிருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்தபோது இருந்த எடை திரும்பிவிட வேண்டும். என் மகனும் இதே பிளவோடு பிறந்தவன்தான், அதனால் உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது.

உங்களிடம் பால் இல்லாமல் இல்லை. அண்ணத்தில் திறப்பு இருப்பதால் அவள் வாயில் உறிஞ்சும் விசை உண்டாவதில்லை. சப்பிச் சப்பிக் களைத்துப்போகிறாள். பாலைப் பீச்சிப் பாலாடையில் கொடுங்கள். கிலோவுக்கு நாளொன்றுக்கு 150 மில்லி என்பது பொதுக் கணக்கு. 2.8 கிலோவுக்கு 420 மில்லி, எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 50 மில்லிக்குச் சற்று மேல். இரவிலும் மூன்று மணிக்கொரு முறை பீச்சினால்தான் பால் வற்றாது.

படுக்கவைத்துப் புகட்டவே கூடாது. மடியில் ஏறக்குறைய உட்கார்ந்த நிலையில், தலையைக் கையால் தாங்கிப் பிடியுங்கள். பாலாடையின் மூக்கைப் பிளவில்லாத பக்கத்துக் கடைவாயோரம், கீழுதட்டின் மேல் வைத்து மெல்லச் சாயுங்கள். ஒரு மடக்கு விழுங்கிய பிறகே அடுத்த மடக்கு. மூக்கில் பால் வந்தால் நிறுத்தி, சற்று முன்னால் சாய்த்து, தும்மி முடித்ததும் தொடருங்கள். காற்றையும் சேர்த்து விழுங்குவதால் நடுநடுவே தோளில் போட்டு ஏப்பம் விடவையுங்கள். ஒரு வேளைக்குப் புகட்டுவது அரை மணி நேரத்தைத் தாண்டினால், குடித்த பால் களைப்புக்கே சரியாகிவிடும். நாளுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போகிறாளா என்று கவனியுங்கள். உதடு நீலமாவது, மூச்சு வாங்குவது, எழுப்பினாலும் குடிக்காமல் துவண்டு கிடப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கிரகணப் பேச்சுக்கு நீங்களே வாதாட வேண்டாம். அடுத்த முறை மாமியாரையும் அழைத்துப் போய், மருத்துவர் வாயாலேயே சொல்லவையுங்கள். உதடும் அண்ணமும் கூடிச் சேர்வது கருவின் முதல் மூன்று மாதங்களுக்குள். பரம்பரைக் கூறுகளும் வேறு பல காரணங்களும் கலந்து அது தடைபடுகிறது. நீங்கள் வாசலுக்கு வந்ததால் அல்ல. எங்கள் வீட்டில் பேச்சு அடங்கியது என் மாமியார் பாலாடையைக் கையில் வாங்கிய பிறகுதான். இரவில் ஒரு வேளையை அவரிடம் விட்டுவிட்டு நான் தூங்கினேன்.

உதட்டுக்கு மூன்று முதல் ஆறு மாதத்திலும், அண்ணத்துக்குப் பெரும்பாலும் ஒன்பது மாதத்துக்கு மேல் ஒன்றரை வயதுக்குள்ளும் அறுவை சிகிச்சை செய்கிறார்கள். உதட்டுக்கு எடை நாலரை கிலோவும் ஹீமோகுளோபின் பத்தும் இருக்க வேண்டும் என்று பல மருத்துவர்கள் பார்ப்பார்கள். சிகிச்சைக்குப் பிறகும் இதே பாலாடைதான் கைகொடுக்கும். பாலாடையின் மூக்கு தையலில் படக் கூடாது. அண்ணத் தையல் ஆறும்வரை கரண்டியை உள்ளே விடாமல், மருத்துவர் சொல்லும் நாள்வரை நீர்த்த உணவாகவே கொடுத்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தண்ணீர் புகட்டுங்கள். காதில் நீர் கோப்பது இந்தக் குழந்தைகளுக்கு அதிகம் என்பதால், கேட்கும் திறனையும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.